சங்கத் தலைவருக்கு: எங்கள் பாலின் தரம் ஒரே நாளில் எப்படி இறங்கியது?

எங்கள் ஊர்ப் பால் உற்பத்தியாளர்கள் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கு,

பேரவைக் கூட்டத்தில் பால் விலை ஏன் குறைந்தது என்று நீங்கள் பேசியதை முழுதாக உட்கார்ந்து கேட்டேன். ஊர் முறைக்கு உங்களை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் இந்த மடலைச் சங்கத்தின் தலைவருக்கு, சங்கத்தின் உறுப்பினராக எழுதுகிறேன். கேள்வி கேட்க எழுந்த நாலைந்து பேருக்கு அன்று நேரம் கொடுக்கப்படவில்லை. பதில் வேண்டும் என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன காரணங்கள் மூன்று. வெயில் காலத்தில் பாலின் தரம் இறங்கிவிட்டது என்றீர்கள். நம்மிடம் பால் வாங்கும் பால் ஒன்றியமே நம் சங்கத்துக்கு விலையைக் குறைத்துவிட்டது என்றீர்கள். மூன்றாவதாக, பெயர் சொல்லாமல், "சிலர் குவளையில் என்ன சேர்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்" என்றீர்கள். அதைச் சொன்னபோது பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம்தான் பார்த்தீர்கள். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் விடிவதற்கு முன்பே எழுந்து, கொட்டகை கூட்டி, மடி கழுவி, கறந்து, சுமந்து வந்து ஊற்றுகிறவர்கள். அந்த வார்த்தை அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான் கணக்கை மட்டும் பேசுகிறேன்.

முதலில் விலையைப் பார்ப்போம். 2022 நவம்பரில் அரசு பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ஆக்கியது. 2023 டிசம்பரில் அதற்கு மேல் 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அந்த விலையைக் குறைத்து வந்த ஆணை எதையும் நீங்கள் கூட்டத்தில் காட்டவில்லை. சங்கச் சுவரில் ஒட்டியிருக்கும் விலைப் பட்டியலும் பழையதுதான், ஒரு எண்கூட மாறவில்லை. ஆக, பட்டியலில் விலை இறங்கவில்லை. பட்டியலில் நாங்கள் நிற்கும் இடம்தான் கீழே போயிருக்கிறது. "விலை மாறியது" என்று நீங்கள் சொன்னதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. விலை மாறியது என்றால் அது மேலே யாரோ எடுத்த முடிவு. எங்கள் இடம் கீழே போனது என்றால், அது நம் சங்கத்தின் மேஜையில், பால் அளக்கும் இடத்தில் நடந்த காரியம்.

புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பாலுக்கு இரண்டை வைத்துத்தான் விலை போடுகிறார்கள். ஒன்று ஃபேட், அதாவது கொழுப்பு. இன்னொன்று எஸ்.என்.எஃப், கொழுப்பு போக மீதி இருக்கும் புரதம், சர்க்கரை, உப்புச் சத்து எல்லாம் சேர்ந்தது. நம் பட்டியலில் பசும்பாலுக்கு எஸ்.என்.எஃப் 8.2 இருந்தால் முழு விலை. அதற்குக் கீழே போகப் போகப் பிடித்தம்.

எங்கள் வீட்டில் கறவை இரண்டு, இரண்டும் ஜெர்சி கலப்பு. என் பால் அட்டையில் மாசி வரைக்கும் ஃபேட் 4.1, எஸ்.என்.எஃப் 8.2, 8.3 என்று ஓடிக்கொண்டிருந்தது. பங்குனியில் ஒரு பால் பணப் பட்டுவாடாவிலிருந்து ஃபேட் அதே 4.1, எஸ்.என்.எஃப் மட்டும் 7.9, 8.0. அதற்குப் பிறகு மேலே வரவே இல்லை. எனக்கு மட்டும்தானா என்று பக்கத்து வீட்டு அக்காவின் அட்டையைப் பார்த்தேன், அப்புறம் எங்கள் வீதியில் பலருடைய அட்டைகளையும் வாங்கிப் பார்த்தேன். எல்லோருக்கும் அதே பட்டுவாடாவில், ஏறக்குறைய அதே அளவு இறக்கம். கன்று ஈன்று இரண்டு மாதமான மாட்டுக்கும், பால் வற்றப்போகிற மாட்டுக்கும். பச்சைச் சோளம் அறுத்துப் போடும் வீட்டுக்கும், காய்ந்த தட்டு மட்டும் போடும் வீட்டுக்கும். எருமை வைத்திருப்பவருக்கும்கூட.

வெயில் தரத்தைக் குறைக்கும் என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. மாடு மூச்சு வாங்கிக்கொண்டு நிழலில் நிற்கும், தீனி எடுக்காது, தட்டு அப்படியே கிடக்கும். சத்து உள்ளே போகாவிட்டால் பாலிலும் குறையத்தான் செய்யும். ஆனால் அது வாரக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஒரு மாட்டுக்கு ஒரு மாதிரி, இன்னொன்றுக்கு வேறு மாதிரி இருக்கும். பெரும்பாலும் கொழுப்பும் சேர்ந்து ஆடும். எங்கள் வீதியில் இருக்கும் எல்லா மாடும் எருமையும் ஒரே நாளில் ஒரே அளவு இறங்கி, கொழுப்பு மட்டும் அசையாமல் நிற்பது வெயிலின் வேலை இல்லை.

குவளையில் சேர்க்கிறார்கள் என்று நீங்கள் சொன்னது தண்ணீரைத்தான். அதற்கும் இதே கணக்குதான் பதில். தண்ணீர் ஊற்றினால் பாலில் இருக்கும் எல்லாமே சேர்ந்து நீர்த்துப் போகும். நூற்றுக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்தால் 8.2 இருந்த எஸ்.என்.எஃப் 7.8 ஆகும், கூடவே 4.2 இருந்த கொழுப்பும் 4.0 ஆகும். எஸ்.என்.எஃப்பை மட்டும் தேர்ந்தெடுத்துக் குறைக்கும் தண்ணீர் எந்தக் கிணற்றிலும் இல்லை. எங்கள் அட்டைகளில் கொழுப்பு இறங்கவே இல்லை. நீங்கள் அந்தப் பேச்சைப் பேசுவதற்கு முன்னால் பத்து அட்டைகளைப் புரட்டிப் பார்த்திருந்தாலே இது தெரிந்திருக்கும்.

அப்படியென்றால் அந்தப் பட்டுவாடாவில் என்னதான் மாறியது? மிஷின் மாறியது. பால் பரிசோதிக்கும் அனலைசர் பழுதாகிக் கழற்றிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து பால் மாதிரியை வெளியே அனுப்பிக் கொழுப்பைப் பார்த்து வாங்குகிறார்கள். எஸ்.என்.எஃப்பை மட்டும் நம் மேஜையிலேயே, பாலின் அடர்த்தியைக் காட்டும் பழைய பால்மானியை மிதக்கவிட்டு, அதன் டிகிரியைப் பார்த்துப் போடுகிறார்கள். உங்கள் பேச்சில் இந்த மிஷினைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லை.

பால்மானியைக் குறை சொல்ல மாட்டேன். சரியாகப் பார்த்தால் நல்ல கருவி. ஆனால் நம் சங்கத்தில் இருக்கும் பால்மானி 27 டிகிரி செல்சியஸ் சூட்டுக்கு அளவு குறிக்கப்பட்டது. அதன் தண்டிலேயே அச்சடித்திருக்கிறது, எடுத்துப் பார்க்கலாம். சூடு ஏறினால் பால் லேசாகும், பால்மானி இன்னும் ஆழமாக அமிழும், டிகிரி குறைவாகக் காட்டும். அதனால் 27க்கு மேல் இருக்கும் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் பால்மானி காட்டும் டிகிரியோடு 0.2 கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. கூட்டுவதற்குச் சூடு தெரிய வேண்டும், சூடு தெரிய வெப்பமானி வேண்டும். மேஜையில் வெப்பமானி இல்லை. டெஸ்டர் தம்பியிடம் கேட்டேன். உடைந்துபோய் ரொம்ப நாளாகிறது, புதிதாக வாங்கித் தரவில்லை என்றான். அவன்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. கொடுத்ததை வைத்துத்தானே அவனால் வேலை செய்ய முடியும்?

நானே ஒரு வெப்பமானி வாங்கிக்கொண்டு போனேன். காலை நேரம், நாலைந்து உறுப்பினர்கள் கூட இருந்தார்கள். என் பாலில் வைத்துப் பார்த்தால் 33 டிகிரி சூடு. பால்மானி 26 காட்டியது. அட்டையில் அந்த 26ஐ அப்படியே வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். டிகிரியை நாலால் வகுத்தால் 6.5. கொழுப்பு 4.1, அதில் கால் பங்கு 1.025. அத்தோடு 0.44 கூட்டினால் 7.97 வருகிறது. அட்டையில் 8.0 என்று எழுதினார்கள். இப்போது சூட்டுக்குக் கூட்ட வேண்டியதைக் கூட்டிப் பாருங்கள். 27க்கும் 33க்கும் ஆறு டிகிரி வித்தியாசம், ஆறு முறை 0.2 என்றால் 1.2. ஆக 26 இல்லை, 27.2. நாலால் வகுத்தால் 6.8. மீதி எல்லாம் அதேதான். 8.27 வருகிறது, அதாவது 8.3. அதே பால், அதே குவளை. ஒரு கணக்கில் பிடித்தம், இன்னொரு கணக்கில் முழு விலை.

கடைசியில் கூட்டும் அந்த 0.44 எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது, சில இடங்களில் வேறு எண் போடுகிறார்கள் என்று யாராவது சொல்லலாம். சரி, இருக்கட்டும். எந்த எண்ணைப் போட்டாலும் டிகிரியை நாலால் வகுப்பது மாறாது. 1.2 டிகிரி குறைத்துப் பார்த்தால் எஸ்.என்.எஃப்பில் 0.3 போய்விடும். எங்கள் வீதியில் எல்லோருடைய அட்டையிலும் இறங்கியிருப்பது கிட்டத்தட்ட அந்த 0.3தான்.

அன்றைக்கு அத்தோடு விடவில்லை. அதே பாலில் கொஞ்சம் ஜாடியில் எடுத்து, பானைத் தண்ணீரில் வைத்து, நுரை அடங்கி 27 டிகிரிக்கு வரும்வரை காத்திருந்து, தம்பியையே மறுபடி பார்க்கச் சொன்னேன். பால்மானி 27ஐத் தாண்டி நின்றது. பார்த்தவர்கள் எல்லோரும் நம் உறுப்பினர்கள். நீங்கள் கேட்டால் வந்து சொல்வார்கள்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கறந்த கையோடு பாலில் காற்றுக் குமிழி நிறைய இருக்கும். அந்த நேரத்தில் பால்மானி பார்த்தால் இன்னும் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். அரை மணி, ஒரு மணி நேரம் போனால் சரியாகிவிடும். சங்கத்துக்கு எதிர்வீட்டுப் பாட்டி கறந்து ஐந்தாவது நிமிடம் கொண்டுவந்து ஊற்றுகிறார், நுரையோடும் சூட்டோடும். தோட்டத்துச் சாலையிலிருந்து சைக்கிளில் கேன் கட்டி வருபவரின் பால் ஆறி, நுரை அடங்கி வருகிறது. அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது சங்கத்துக்குக் கிட்டத்தில் வீடு உள்ளவர்களுக்கு எஸ்.என்.எஃப் குறைவாகவும், தூரத்திலிருந்து வருபவர்களுக்கு அதிகமாகவும் இருந்தது. மதியப் பாலில் இந்த இடைவெளி இன்னும் கூடுகிறது. மாட்டின் தரம் வீட்டின் தூரத்தைப் பொறுத்து மாறுமா, தலைவர் அவர்களே? வெளியூரிலிருந்து யாரும் வந்து ஆராய வேண்டியதில்லை. சங்கத்தின் பதிவேட்டை விரித்து வைத்தாலே போதும்.

அடுத்தது ஒன்றியம். நம் சங்கத்துக்கு ஒன்றியம் குறைத்துவிட்டது என்று நீங்கள் சொன்னதால், டேங்கர் ரசீதுகளைக் காட்டும்படி செயலாளரைக் கேட்டேன். சிலவற்றைக் காட்டினார். எல்லாம் பங்குனிக்குப் பிறகு வந்தவை. அந்த ரசீதுகளில் நம் சங்கத்துப் பசும்பாலுக்கு எஸ்.என்.எஃப் 8.2 என்றுதான் இருக்கிறது, ஒன்றில் 8.3. ஒன்றியத்தின் ஆய்வகத்தில் சூடு பார்த்துச் சரியாக அளக்கிறார்கள், அந்த அளவுக்குச் சங்கத்துக்குப் பணம் கொடுக்கிறார்கள். சங்கம் எங்களிடம் 8.0 என்று வாங்கி, 8.2 என்று விற்கிறது. அந்த நடுவில் இருக்கும் பணம் எங்கே நிற்கிறது?

யாரும் எடுத்துக்கொண்டார்கள் என்று நான் சொல்லவில்லை. சங்கக் கணக்கில்தான் லாபமாக நிற்கும். நீங்களே பேச்சின் முடிவில், "சங்கத்துக்கு மிச்சம் வந்தால் போனஸாக உங்களுக்குத்தானே வரும்" என்று சொன்னீர்கள். அதை ஏற்க முடியவில்லை. போனஸ் ஊற்றிய பாலின் கணக்குக்கு வருமே தவிர, யாரிடம் எவ்வளவு குறைத்துப் பிடித்தோம் என்ற கணக்குக்கு வராது. கிட்டத்தில் வீடு இருக்கும் பாட்டி இழந்ததும் தோட்டத்துக்காரர் இழந்ததும் வேறு வேறு, போனஸில் அந்த வேறுபாடு மறைந்துவிடும். நடுவில் மாட்டை விற்றுவிட்டவருக்கும், விலை கட்டாமல் தனியார் வண்டிக்கு மாறிவிட்டவருக்கும் அது போய்ச் சேருமா என்பதும் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தீவனக் கடன் பட்டுவாடாவிலேயே பிடிக்கப்படுகிறது. அதற்கு யாரும் வருடக் கடைசிவரை காத்திருப்பதில்லை.

எனக்கு லிட்டருக்குச் சுமார் ஒரு ரூபாய் குறைகிறது. இரண்டு மாட்டுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 14 லிட்டர் ஊற்றுகிறேன். மாதத்துக்கு 420 ரூபாய். மூன்று மாதம் சேர்ந்தால் ஒரு மூட்டைத் தீவனம் வாங்கும் பணம். அந்தத் தீவனத்தைக் குறைத்தால் அடுத்த மாதம் உண்மையாகவே பாலின் தரம் இறங்கும். அப்போது நீங்கள் சொன்ன காரணம் சரியாகிவிடும்.

ஒரு வீட்டுக்கு ஒரு ரூபாய்தானே, இதற்கு இவ்வளவு பெரிய மடலா என்று சிலர் கேட்கிறார்கள். எங்கள் வீதியில் ஒற்றை மாடு வைத்துக்கொண்டு, கணவர் இல்லாமல், அந்தப் பட்டுவாடாவை நம்பியே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் கூட்டத்தில் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் தண்ணீர் என்று சொன்ன பிறகு யார்தான் எழுந்து பேசுவார்கள்? பேசினால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்பார்கள். தரம் குறைந்த பாலுக்கு விலையைக் குறைப்பது நியாயம்தான். தண்ணீர் கலப்பவரைப் பிடித்தால் நானே உங்கள் பக்கம் நிற்பேன். நல்ல பால் ஊற்றுகிறவருக்கு அதுதான் பாதுகாப்பு. ஆனால் அளவு சரியாக இருந்தால்தான் அந்தப் பேச்சைப் பேச முடியும்.

நீங்கள் தலைவராக வந்தபோது, கைக்கணக்கு வேண்டாம், உறுப்பினர் கண்முன்னே அளந்து அப்போதே சீட்டு கொடுக்க வேண்டும் என்று போராடி அந்த அனலைசரை வாங்கி வைத்தவர் நீங்கள்தான். அதை யாரும் மறக்கவில்லை. அதனால்தான் அது பழுதாகிக் கிடக்கும்போது நீங்கள் எங்கள் மாட்டையும் எங்கள் கையையும் சந்தேகப்பட்டதைத் தாங்க முடியவில்லை.

சங்கத்திடம் நாங்கள் கேட்பவை இவை.

இந்த வாரத்துக்குள் மேஜையில் ஒரு வெப்பமானி வைக்க வேண்டும். இரண்டு வைத்தால் ஒன்று உடைந்தாலும் வேலை நிற்காது. ஒவ்வொருவர் அட்டையிலும் பால்மானி காட்டிய டிகிரி, பாலின் சூடு, திருத்திய டிகிரி மூன்றையும் எழுத வேண்டும். கறந்த உடனே வரும் பாலை நுரை அடங்கிய பிறகு அளக்க வேண்டும். அதற்கு இடமோ நேரமோ இல்லையென்றால் மாதிரியை எடுத்து வைத்துக் கடைசியில் பார்க்கலாம்.

அனலைசரை எந்தத் தேதிக்குள் சரிசெய்து கொண்டுவருவீர்கள் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். திரும்ப வந்ததும், பசும்பாலுக்கும் எருமைப்பாலுக்கும் தனித்தனியாக அளவு சரிபார்த்து, அந்தச் சரிபார்ப்பை இரண்டு உறுப்பினர்கள் முன்னிலையில் செய்யுங்கள். தினமும் கழுவாவிட்டால் குழாயில் கொழுப்பு படிந்து மறுபடியும் தப்பாகத்தான் காட்டும், ஆகவே கழுவியதற்கும் ஒரு பதிவேடு வேண்டும்.

ஒன்றியத்திலிருந்து வரும் ஒவ்வொரு ரசீதின் ஃபேட், எஸ்.என்.எஃப்பையும், அதே நாளில் சங்கம் உறுப்பினர்களிடம் வாங்கிய சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் பலகையில் எழுத வேண்டும்.

மிஷின் போன நாளிலிருந்து இன்றுவரை பிடித்த தொகையை ஒவ்வொருவருக்கும் கணக்குப் பார்த்து, வரும் பட்டுவாடாக்களில் திருப்பித் தர வேண்டும். சூட்டைக் குறித்து வைக்கவில்லை என்பதால் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட முடியாது, அது எங்களுக்கும் தெரியும். மிஷின் போவதற்கு முந்தைய மாதத்தில் அவரவருக்கு வந்த எஸ்.என்.எஃப் சராசரியை வைத்துக் கணக்கிட்டால் ஏற்றுக்கொள்வோம். ஒன்றியம் கொடுத்த பணத்துக்குள்ளேயே அது அடங்கும் என்று நினைக்கிறேன். அடங்காவிட்டால் நிர்வாகக் குழு கணக்கை விரித்துக் காட்டட்டும், உட்கார்ந்து பேசுவோம்.

தண்ணீர் கலப்பது பற்றிப் பேரவையில் பொதுவாகச் சொன்ன அந்த வார்த்தையை அடுத்த கூட்டத்தில் திரும்பப் பெற வேண்டும். அது தீர்மானப் புத்தகத்தில் பதிவாக வேண்டும்.

இதற்கு எழுத்தில் பதிலை அடுத்த பட்டுவாடா நாளுக்குள் எதிர்பார்க்கிறோம். வராவிட்டால், என்னோடு கையெழுத்துப் போட்டிருக்கும் உறுப்பினர்களோடு சேர்ந்து, அட்டைகளின் நகலையும் எடுத்துக்கொண்டு பால்வளத் துணைப் பதிவாளரிடம் மனு கொடுப்போம். 1983ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81ஆம் பிரிவின்கீழ் விசாரணை கேட்போம்.

இப்படிக்கு,
சங்கத்தின் உறுப்பினர், காலையும் மதியமும் பால் ஊற்றுகிறவள்